மாமா என்றால் யார்? இருமொழி வினாவில் ஒளிந்திருக்கும் வேறுபாடுகள்

தமிழிலும் ஆங்கிலத்திலும் வினாக்கள் அச்சாகும் போட்டித் தேர்வுகளில் வரும் வகையில் ஒரு வினாவோடு ஆரம்பிக்கலாம்.

ஒரு புகைப்படத்தைக் காட்டி மீனா சொல்கிறார்: “இவர் என் மாமாவின் தந்தைக்கு ஒரே மகள்.” படத்தில் இருப்பவர் மீனாவுக்கு என்ன உறவு? விடைகள் நான்கு: அம்மா, அத்தை, சித்தி, தரவு போதாது.

தமிழில் மட்டும் படிப்பவருக்கு இது பத்து விநாடி வேலை. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர். அவருடைய தந்தை மீனாவின் தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு ஒரே மகள்தான் என்றால் அது மீனாவின் அம்மாவாகத்தான் இருக்க முடியும். விடை அம்மா. அடுத்த வினாவுக்குப் போய்விடலாம்.

இப்போது அதே வினாவின் ஆங்கில வரியைப் பாருங்கள். (ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டுகிறேன், கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அங்கே ‘மை அங்கிள்’ஸ் ஃபாதர்’ஸ் ஒன்லி டாட்டர்’ என்று இருக்கிறது. ‘அங்கிள்’ அம்மாவின் அண்ணன் தம்பியாக இருக்கலாம். அப்பாவின் அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம், அதாவது பெரியப்பா அல்லது சித்தப்பா. அப்படியானால் அவருடைய தந்தை மீனாவின் அப்பாவைப் பெற்ற தாத்தா. அவருக்கு ஒரே மகள் என்றால் மீனாவின் அத்தை. ஆங்கில வரியின்படி அம்மாவா அத்தையா என்று முடிவு செய்ய வழியில்லை. விடை ‘தரவு போதாது’.

ஒரே வினா, ஒரே எண், இரண்டு மொழிக்கு இரண்டு விடை. பிழை எங்கே நுழைந்தது என்று பார்த்தால் ஒற்றைச் சொல்லில். மொழிபெயர்த்தவர் தப்பான சொல்லைப் போட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. ‘அங்கிள்’ என்பதற்குத் தமிழில் நேரான சொல்லே கிடையாது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுத்த அந்த நொடியில் ஆங்கில வரி சொல்லாத ஒரு தகவல் தமிழ் வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

(நம் ஊர் வழக்கில் இதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. அத்தையின் கணவரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரை எடுத்துக்கொண்டால் அவருடைய தந்தைக்கு ஒரே மகள் என்பவர் மீனாவுக்கு ரத்த உறவாகவே இல்லாமல் போகலாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமாக இருந்தால் மறுபடியும் அம்மாவில் வந்து நிற்கும். பிரச்சினை எதுவும் இல்லாமல் எழுத வேண்டுமானால் ‘தாய்மாமன்’ என்று எழுத வேண்டும். தாளில் ‘தாய்மாமன்’ என்றே இருந்தால், ஆங்கிலத்தில் ‘மெட்டர்னல் அங்கிள்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக நகரலாம்.)

இருமொழி வினாத்தாளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் மௌனம் காப்பதில்லை. ஆங்கிலம் உறவுமுறையில் கஞ்சம், தமிழ் தாராளம். ஆங்கிலம் ‘ஹி’, ‘ஷி’ என்று பாலைச் சொல்லிவிடும், தமிழ் ‘அவர்’ என்று மரியாதையாக மூடிவைக்கும். ‘எல்லாம் இல்லை’ என்பதில் எவ்வளவு இல்லை என்பதை ஆங்கிலம் சொற்களை அடுக்கும் வரிசையில் காட்டும், தமிழ் குரலில் காட்டும். குரல் அச்சில் வராது. பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்த்த பிழைகளும் உண்டுதான். ஆனால் மாணவர் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட மௌனங்களில். ஆகவே இரண்டு வரியையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டியதில்லை. எந்த மொழி எந்த இடத்தில் பேசாமல் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

உறவுமுறையிலேயே இன்னொன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ‘மாமா’வைவிட மோசம். ‘மருமகன்’ என்ற சொல். மகளின் கணவரும் மருமகன், ஓர் ஆணுக்கு அவர் சகோதரியின் மகனும் மருமகன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்: ‘சன் இன் லா’, ‘நெஃப்யூ’. “க என்பவர் ச-வின் மருமகன்” என்று தமிழில் இருந்தால், நம்மில் பெரும்பாலோர் உடனே ஒரு கல்யாணத்தைக் கற்பனை செய்து, ச-வுக்குக் கீழே ஒரு மகளை வரைந்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘நெஃப்யூ’ என்று இருந்தால் வரைந்தது முழுவதும் வீண். ச-வுக்குப் பக்கத்தில் ஒரு சகோதரியோ சகோதரனோ வந்து, அவர்களுக்குக் கீழே க வர வேண்டும். தலைமுறை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே என்பதால் படம் பார்ப்பதற்குச் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். தப்பு கடைசி வரியில்தான் தெரியும், சில சமயம் அதிலும் தெரியாது. மருமகளும் அப்படியே. ‘மைத்துனர்’ என்ற சொல்லும் மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன் என்று இரண்டு பக்கமும் போகும். ஆனால் அங்கே ஆங்கிலத்தின் ‘பிரதர் இன் லா’வும் அதே அளவு மழுப்பல் என்பதால் மொழி மாற்றி எந்தப் பயனும் இல்லை.

இனி எதிர்த் திசையில் ஒன்று. இதுவரை தமிழ் அதிகம் சொன்னது. தமிழ் குறைவாகச் சொல்லும் இடமும் உண்டு.

“க, ச இருவரும் கணவன் மனைவி. த அவர்களுடைய மகன். ச தன் சகோதரர் ப-வுடன் கடைக்குச் சென்றார். ப, த-வுக்கு என்ன உறவு?”

நான் வகுப்பில் இதைக் கொடுக்கும்போது பாதிப்பேர் ‘தாய்மாமன்’ என்பார்கள். மீதிப்பேர் ‘சொல்ல முடியாது’ என்பார்கள். தமிழ் வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது கூட்டம் சொல்வதே சரி. ச கணவனா மனைவியா என்று எங்குமே சொல்லவில்லை. ‘சென்றார்’ இருவருக்கும் பொருந்தும், ‘தன்’ இருவருக்கும் பொருந்தும். ச கணவன் என்றால் ப பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிவிடுவார். முதல் கூட்டம் எப்படித் தாய்மாமன் என்றது? க-வைக் கணவனாகவும் ச-வை மனைவியாகவும் தாங்களே நினைத்துக்கொண்டார்கள், ‘கணவன் மனைவி’ என்ற வரிசையைப் பார்த்து. அந்த வரிசைக்கு வினாவில் எந்தப் பொருளும் இல்லை.

ஆங்கில வரியில் ‘ச வென்ட் டு த ஷாப் வித் ஹெர் பிரதர் ப’ என்று இருக்கிறது. ‘ஹெர்’. அவ்வளவுதான். ச பெண், எனவே த-வின் அம்மா, எனவே அவருடைய சகோதரர் ப, த-வுக்குத் தாய்மாமன். முழு வினாவின் சாவியே அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது. தமிழாக்கத்தில் அது ‘தன்’ ஆகிச் சாவியே தொலைந்துவிட்டது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நல்ல தமிழில் அந்த வாக்கியத்தை அப்படித்தான் எழுதுவோம்.

ஆகவே ரத்த உறவு வினா, வட்ட மேசை வினா, ‘ஐந்து நண்பர்கள், ஐந்து தொழில்கள்’ வகைப் புதிர் எது வந்தாலும், தமிழில் ‘அவர்’, ‘தன்’, ‘தம்’ வரும் இடத்துக்கு நேரே ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணை ஓட்டுங்கள். ‘ஹிஸ்’ அல்லது ‘ஹெர்’ என்றிருந்தால் உங்களுக்கு ஒரு தகவல் இலவசம். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஆங்கிலத்தில் ‘சைல்ட்’ என்று பொதுவாக இருக்கும், தமிழில் ‘மகன்’ என்று வந்திருக்கும். ‘குழந்தை’ என்று போட்டால் வயது குறைந்தவர்போல ஒலிக்கிறதே என்று யாரோ யோசித்திருப்பார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சிக்கல்: எல்லா, இல்லை.

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது ஒருவர் வந்து “எல்லாரும் சாப்பிடவில்லை” என்கிறார். ஒருவரும் சாப்பிடவில்லையா, இல்லை, இன்னும் சிலர் பாக்கியா? நேரில் கேட்டால் சந்தேகமே வராது. ‘எல்லாரும்’ என்பதை அழுத்தினால் ஒரு பொருள், ‘சாப்பிடவில்லை’ என்பதை அழுத்தினால் இன்னொரு பொருள். பந்தியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வினாத்தாளில் குரலும் இல்லை, பந்தியும் இல்லை.

இப்போது ஒரு தருக்க வினா. கூற்று ஒன்று: எல்லா எழுத்தர்களும் பட்டதாரிகள் அல்லர். கூற்று இரண்டு: எல்லாத் தட்டச்சர்களும் எழுத்தர்கள். முடிவு ஒன்று: தட்டச்சர் எவரும் பட்டதாரி அல்லர். முடிவு இரண்டு: சில எழுத்தர்கள் பட்டதாரிகள் அல்லர். எந்த முடிவு சரி? முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும், எதுவும் இல்லை என்று நான்கு விடைகள்.

முதல் கூற்றை ‘ஒரு எழுத்தரும் பட்டதாரி இல்லை’ என்று படித்தால், தட்டச்சர்கள் எல்லாரும் எழுத்தர்களுக்குள் அடக்கம் என்பதால் அவர்களிலும் பட்டதாரி இல்லை. முடிவு ஒன்று சரி. ஒருவருமே பட்டதாரி இல்லாதபோது ‘சிலர் இல்லை’ என்பதும் சரிதான். விடை: இரண்டும்.

ஆங்கிலத்தில் ‘நாட் ஆல் கிளார்க்ஸ் ஆர் கிராஜுவேட்ஸ்’ என்று இருக்கிறது. எழுத்தர்கள் அனைவரும் பட்டதாரிகள் என்பது உண்மையல்ல. அதாவது குறைந்தது ஒருவராவது பட்டதாரி இல்லை. ஒரு அலுவலகத்தை வைத்துப் பாருங்கள். 10 எழுத்தர்கள், அவர்களில் 7 பேர் பட்டம் பெற்றவர்கள், 3 பேர் பெறாதவர்கள். தட்டச்சர்கள் 2 பேர், இருவரும் அந்த 7 பேருக்குள் இருக்கிறார்கள். இரண்டு கூற்றுகளும் உண்மையாகிவிட்டன. முடிவு ஒன்று? பொய். தட்டச்சர்கள் இருவரும் பட்டதாரிகள். முடிவு இரண்டு உண்மை, அந்த 3 பேர் இருக்கிறார்களே. விடை: இரண்டாவது மட்டும்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது எளிது. தமிழ் வரியில் ‘எல்லா’ அல்லது ‘அனைத்து’ இருந்து, அதே வரியின் முடிவில் ‘அல்ல’, ‘இல்லை’, ‘அல்லர்’ இருந்தால் நில்லுங்கள். ஆங்கில வரியின் முதல் சொல்லைப் பாருங்கள். ‘நோ’ என்று தொடங்கினால் ஒன்றுகூட இல்லை. ‘நாட் ஆல்’ என்று தொடங்கினால் சில இல்லை, அவ்வளவே. அதுவும் ‘ஆல்’ என்று தொடங்கி நடுவில் ‘ஆர் நாட்’ வந்தால், அதாவது ‘ஆல் கிளார்க்ஸ் ஆர் நாட் கிராஜுவேட்ஸ்’ என்று இருந்தால், ஆங்கிலமும் நம் கல்யாண வீட்டு வாக்கியம் போலத்தான், இரண்டு பக்கமும் போகும். அப்போது மொழி உதவாது, விடைத் தெரிவுகளைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இதே குடும்பத்தில் இன்னொரு சொற்றொடர்: ‘ஒன்லி அ ஃப்யூ’. அங்கே அதற்கு வழக்கமான பொருள் ‘சில ஆகும், சில ஆகாது’ என்று இரண்டையும் சேர்த்தது. தமிழில் வெறும் ‘சில’ என்று போட்டுவிட்டால் பின்பாதி காணாமல் போகும். ‘சில மட்டுமே’ என்று இருந்தால் சரி. ‘மட்டும்’, ‘மட்டுமே’ இரண்டும் தமிழாக்கத்தில் சுலபமாக உதிரும் சொற்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ‘ஒன்லி இஃப்’ என்பது ‘இருந்தால்’ என்று மட்டும் வந்துவிடும், ‘இருந்தால் மட்டுமே’ என்று வராமல். “மழை பெய்தால் ஆட்டம் ரத்து” என்றால் வெயிலடித்தும் வேறு காரணத்துக்காக ரத்தாகலாம். “மழை பெய்தால் மட்டுமே ஆட்டம் ரத்து” என்றால் ரத்தான செய்தியைக் கேட்டவுடன் மழை பெய்தது என்று முடிவு கட்டிவிடலாம்.

எண் வரும் வினாக்களில் சிக்கல் பெரும்பாலும் எண்ணை ஒட்டி வரும் சின்னச் சொல்லில்தான். “விற்பனை 60% குறைந்தது”, “விற்பனை 60% ஆகக் குறைந்தது”. ஆங்கிலத்தில் முதலாவது ‘பை’, இரண்டாவது ‘டு’. 500 விற்ற கடையில் முதலாவதுபடி மிச்சம் 200, இரண்டாவதுபடி 300. வினா தயாரிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும் என்பதால் 200, 300 இரண்டுமே விடைகளில் இருக்கும். தமிழில் ‘ஆக’ விடுபட்டிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் நீங்கள் கண்டுபிடித்த எண் விடைகளில் இருக்கிறது!

வரிசை வினாவிலும் இதே கதை. 40 பேர் நிற்கும் வரிசையில் க இடமிருந்து 12-வது, ச வலமிருந்து 15-வது. ச இடமிருந்து எத்தனையாவது? 40-லிருந்து 15-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 26. இருவருக்கும் ‘இடையே’ எத்தனை பேர் என்றால் 13-வது ஆளிலிருந்து 25-வது ஆள் வரை, 13 பேர். ‘க முதல் ச வரை’ எத்தனை பேர் என்றால் அவர்கள் இருவரும் சேர்ந்து 15. ஆங்கிலத்தில் ‘பிட்வீன்’ என்று இருந்து தமிழில் ‘முதல், வரை’ என்று வந்திருந்தால் விடை இரண்டு தள்ளிப்போகும். ‘மூன்று மடங்கு’, ‘மூன்று மடங்கு அதிகம்’ என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 12-க்கு மூன்று மடங்கு 36. மூன்று மடங்கு அதிகம் என்றால் 48 என்று வாதாடலாம், ஆனால் பேச்சு வழக்கில் அதையும் 36 என்ற பொருளில்தான் பலரும் சொல்கிறார்கள், ஆங்கிலத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி ஆஸ்’ என்று இருந்தால் விவாதமில்லாமல் 36.

சரி, இரண்டு வரியும் வேறுபடுகிறது என்று கண்டுபிடித்தாயிற்று. எதற்கு விடை எழுதுவது?

டி.என்.பி.எஸ்.சி. வினாத்தொகுப்பின் முன்பக்க அறிவுரைகளில், சந்தேகம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று இருக்கும். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டிலும் அதே விதி. இது வெறும் சம்பிரதாய வாசகம் என்று நினைக்க வேண்டாம். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. ‘சீட்டா’ என்னும் சிறுத்தை ‘சீத்தா’ ஆகியிருந்தது அப்போது பலரும் பேசிச் சிரித்த எடுத்துக்காட்டு. எழுதியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூலையில், தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முதலில் நிறுத்திவைத்து, நவம்பரில் ரத்து செய்துவிட்டது. தேர்வெழுதுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பிழைக்கு மதிப்பெண் பின்னால் வரும் என்று நம்பி உட்கார முடியாது, அரங்கிலேயே கண்டுபிடித்து எழுதிவிட வேண்டும். தமிழில் படித்த பிள்ளை ஆங்கில வரியைப் பார்த்துத் தன் தமிழ் வரியைச் சரிபார்க்க வேண்டியிருப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விதி இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் எழுதும் தேர்வின் முன்பக்கத்தில் அந்த வரி என்ன சொல்கிறது என்று மணி அடிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

நேரக் கணக்கு வேறு இருக்கிறது. குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள், அதில் திறனறிவு 25. சராசரியாக வினாவுக்கு 54 விநாடி. எல்லா வினாவையும் இரண்டு முறை படிக்க நேரம் போதாது, படிக்கவும் தேவையில்லை. நான் வகுப்பில் சொல்லும் முறை இது. தமிழில் முழுதாக ஒருமுறை படியுங்கள், பொருள் மனதில் பதியட்டும். பிறகு ஆங்கில வரியைப் ‘படிக்காதீர்கள்’, தேடுங்கள். உறவுச் சொல், ‘ஹிஸ்’ அல்லது ‘ஹெர்’, ‘நாட்’, ‘ஒன்லி’, எண்ணுக்கு முன்னால் இருக்கும் ‘பை’ அல்லது ‘டு’. இவை மட்டும். ஆங்கிலம் தடுமாறும் மாணவர்களுக்குக்கூட இந்தச் சொற்கள் தெரியும், இதற்கு ஐந்து ஆறு விநாடிக்கு மேல் ஆகாது. தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போனால் தமிழை வைத்தே கணக்குப் போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி தமிழிலேயே கணக்குப் போடுங்கள். நடுவில் முழுக்க ஆங்கிலத்துக்குத் தாவுகிறவர்கள், பழக்கமில்லாத மொழியில் புதிதாக ஒரு தப்பைச் செய்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மொழி உதவாதபோது விடைத் தெரிவுகளைப் பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா. அவற்றை மூன்றாவது சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். மீனாவின் புகைப்படத்துக்கே திரும்புவோம். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’, தமிழில் ‘மாமா’. விடைகளில் ‘தரவு போதாது’ இல்லை, அம்மா இருக்கிறது, அத்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வினா தயாரித்தவர் மனதில் தாய்மாமன்தான் இருந்திருக்கிறார் என்பது தெளிவு. அம்மா என்று குறித்துவிட்டுப் போகலாம், மொழி வேறுபாடு இருந்தும் விடை மாறவில்லை. அம்மா, அத்தை இரண்டும் இருந்து ‘தரவு போதாது’ இல்லாவிட்டால் சிக்கல். ஆங்கிலம் எதையும் தீர்க்காததால் தமிழ் வரி கொடுக்கும் அம்மாவைக் குறித்து, வினா எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இருந்தால் ஆங்கிலப்படி ‘தரவு போதாது’. ‘ஆல்’, ‘ஆர் நாட்’ கூற்றுக்கும் இப்படித்தான்: இரண்டு பொருளிலும் கணக்குப் போட்டு, எதன் விடை தெரிவுகளில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விடையும் இருந்தால், பழைய தாள்களின் இறுதி விடைக்குறிப்பில் அந்த வாரியம் அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது கை கொடுக்கும். அதை வீட்டிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது, ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு. அதையும் ‘தரவு போதாது’ என்பதையும் குழப்பிக்கொண்டவர் என் வகுப்பிலேயே ஒருவர் இருந்தார். தரவு போதாது என்பது வினாவுக்கான விடை, முதல் நான்குக்குள் வந்தால்தான் அது உண்டு. ஐந்தாவது வட்டம் உங்களைப் பற்றியது.

தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும், அறிவித்த நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அங்கே “மொழிபெயர்ப்பு சரியில்லை” என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் செய்ய முடியாது. வினா எண்ணைப் போட்டு, ஆங்கில வரியில் உள்ள சொல் இது, தமிழ் வரியில் உள்ள சொல் இது, முதலாவதுபடி விடை இது, இரண்டாவதுபடி விடை இது என்று நான்கு வரியில் எழுதுங்கள். எழுத்தர், தட்டச்சர் வினாவாக இருந்தால் அந்த 10 பேர் அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூற்றுகள் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகும் ஒரு எடுத்துக்காட்டை எண்களோடு காட்டிவிட்டால், அதைப் படிப்பவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார்.